துடிக்கும் காலுடன் ஒரு பெட்டைக்குட்டி: மட்டக்களப்பில் ஒரு தத்துப் பதிவு, தொடக்கம் முதல் முடிவு வரை

பின்னணி

மட்டக்களப்பில் மாரி மழை தொடங்கினால் சந்தைகளின் பின்புறமும் வாவிக்கரையும் கைவிடப்பட்ட குட்டிகளால் நிறையும். அவற்றில் பெரும்பாலானவை பெட்டைகள். கடுவனை யாராவது கேட்டு வாங்கிவிடுவார்கள். பெட்டை வளர்ந்தால் ஆறாம் ஏழாம் மாதத்திலேயே வளவைச் சுற்றி நாய்கள் கூடும், பிறகு குட்டி போடும் என்ற பயத்தில் அட்டைப்பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து விடுகிறார்கள்.

இங்கே பதிவு செய்வது அப்படி வந்த ஒரு குட்டியின் கதை. கல்லடிப் பக்கம் வசிக்கும் சிலர் சேர்ந்து, வசதிப்பட்ட அளவில் இப்படியான குட்டிகளை எடுத்து மருந்து கட்டி வீடு தேடிக் கொடுக்கிறோம். எங்களிடம் காப்பகம் கிடையாது. ஒருவர் வீட்டுப் பின்விறாந்தைதான் இடம். ஆகவே ஒரு குட்டி எவ்வளவு காலம் எங்களுடன் இருக்கிறதோ, அவ்வளவு காலம் அடுத்த குட்டிக்கு இடமில்லை. கீழே வரும் முடிவுகள் எல்லாவற்றின் பின்னாலும் இந்த நெருக்கடி இருந்தது.

கண்டவை

மீன் விற்கும் இடமொன்றின் பின்னால், நனைந்த சாக்கின் மேல் கிடந்தது. ஏழு வாரமளவு இருக்கும். இரண்டு கண்களும் பச்சை கலந்த பீளையால் ஒட்டிப்போயிருந்தன. மூக்கு அடைத்து, இருமலும் வயிற்றோட்டமும் இருந்தது. மிருக வைத்தியர் காய்ச்சல் பார்த்தார், பிறகு பாதத்தைத் தூக்கி உள்ளங்காலைத் தடவிக் காட்டினார். குட்டிக்கு மெத்தென்று இருக்க வேண்டிய தோல் காய்ந்து தடித்துப்போயிருந்தது. மூக்கின் நுனியும் அப்படியே. டிஸ்டெம்பர் என்றார்.

இந்த நோயின் வைரசுக்கென்று நேரடி மருந்து இல்லை. நீரிழப்புக்குச் சேலைன், மேலதிகத் தொற்றுக்கு நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து, கண்ணுக்குக் களிம்பு, வாய்க்கு ஊட்டும் கஞ்சி ஆகியவற்றால் உடலைத் தாங்கிப் பிடிக்க மட்டுமே முடியும். அவள் பிழைத்தாள். கண் தெளிந்தது, சோறும் மீனும் தானாகத் தின்னத் தொடங்கினாள். எல்லாம் முடிந்தது என்று நினைக்கக்கூடிய அந்த வேளையில்தான் இடது பின்னங்கால் துடிக்க ஆரம்பித்தது.

டிஸ்டெம்பரில் இது வழமை. வைரஸ் நரம்பு மண்டலத்தைத் தாக்கியதன் விளைவு, மற்ற அறிகுறிகள் ஆறிய பின் சில வாரங்கள் கழித்துத் தலைகாட்டும். அவள் உறங்கும்போது அருகில் இருந்து பார்த்தோம். சுவாசம் சீராக ஓடுகிறது, கண் மூடியிருக்கிறது, ஆனால் தொடைத் தசை மட்டும் ஒரே தாளத்தில் இழுத்து விடுகிறது. கனவு கண்டு காலை உதறும் நாய்க்குத் தாளம் மாறும், விட்டு விட்டு வரும். இது மாறாமல் வந்தது. கூர்ந்து பார்த்தால் கீழ்த்தாடையும் அதே தாளத்தில் அசைந்தது.

பார்த்தவர்கள் எல்லோருக்கும் முதலில் வந்த பயம் விசர் பற்றியது. அது நியாயமான பயம்தான், குட்டிகளுக்கும் விசர் வரும். ஆனால் விசரின் அறிகுறி தொடங்கிய நாய் நாளுக்கு நாள் மோசமாகி, வழமையாகப் பத்து நாட்களுக்குள் இறந்துவிடும். இவள் துடிப்புடனேயே வாரக்கணக்கில் தின்று விளையாடி எடை கூடினாள். அதைக் கொண்டுதான் வைத்தியர் விசரைத் தள்ளிவைத்தார். அப்படியிருந்தும், மருந்து ஊட்டிய நாட்களில் அவளுடைய பல் பட்டுக் கீறிய எங்களில் ஒருவர் சவர்க்காரம் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டார். தாய் யாரென்று தெரியாத குட்டியிடம் இதில் விட்டுக்கொடுப்பு இருக்கக்கூடாது.

பதிவில் எதைச் சொல்வது

மூன்று மாதமளவில் துடிப்பு கூடவுமில்லை குறையவுமில்லை என்ற நிலை வந்தபோது முகநூலில் பதிவு போடத் தீர்மானித்தோம். அதற்கு முன் எங்களுக்குள் வாக்குவாதம் நடந்தது. கண் பளிச்சென்று தெரிகிற ஒரு படமும் "அன்பான வீடு தேவை" என்ற வரியும் போட்டால் நிறையப் பேர் கேட்பார்கள், வருத்தத்தை நேரில் சொல்லலாம் என்பது ஒரு பக்கம். நேரில் வந்தவர் குட்டியைக் கையில் எடுத்த பிறகு வருத்தத்தைச் சொன்னால், வெட்கத்தில் "பரவாயில்லை" என்று கொண்டுபோவார், இரண்டு மாதத்தில் அவளை வேறொரு சந்தையில் விடுவார் என்பது மறுபக்கம். முதல் வழியில் போன குட்டிகள் திரும்பி வந்த அனுபவம் ஊரில் பலருக்கும் உண்டு. இரண்டாம் பக்கமே வென்றது.

நாங்கள் போட்டது இதுதான்:

> பெட்டைக்குட்டி. மூன்று மாதமளவு. ஊர் நாய், நடுத்தர அளவில் வளருவாள்.
>
> இவளுக்கு டிஸ்டெம்பர் வந்து பிழைத்திருக்கிறாள். இடது பின்னங்காலும் தாடையும் எந்நேரமும் துடிக்கும், நித்திரையிலும் துடிக்கும். காலப்போக்கில் குறையலாம், முற்றாக நிற்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். நடப்பாள், ஓடுவாள், படி ஏறச் சிரமப்படுவாள்.
>
> பிற்காலத்தில் வலிப்பு வரலாம், வராமலும் போகலாம். வந்தால் அநேகமாக வாழ்நாள் முழுக்க மாத்திரை கொடுக்க வேண்டும். பெரிய பற்கள் முளைக்கும்போது குழி விழுந்து மஞ்சளாக இருக்கலாம்.
>
> இந்த நோய் மனிதருக்குத் தொற்றாது. ஆனால் தடுப்பூசி போடாத நாய்களுக்கு இவளிடமிருந்து இன்னும் சில மாதம் தொற்றக்கூடும். உங்கள் வீட்டு நாய்க்கு ஊசி போட்டிருக்காவிட்டால் தயவுசெய்து கேட்க வேண்டாம்.
>
> காவலுக்கு உதவமாட்டாள். கட்டி வளர்க்கவோ, தோட்டத்தில் தனியே விடவோ தரமாட்டோம். ஆறு மாதமளவில் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்ய ஒப்புக்கொள்ள வேண்டும், செலவில் பாதியை நாங்கள் தருவோம்.
>
> விருப்பமானவர்கள் இன்பொக்சில் இந்த மூன்றுக்கும் பதில் எழுதுங்கள்: வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள், பகலில் யார் நிற்பார்? இதற்கு முன் வளர்த்த நாய்க்கு என்ன நடந்தது? அடுத்த இரண்டு வருடத்தில் வீடு மாறவோ வெளிநாடு போகவோ எண்ணமுண்டா?

படத்துக்குப் பதிலாகப் படுத்திருக்கும் குட்டியின் வீடியோ ஒன்றைப் போட்டோம். கால் துடிப்பது தெளிவாகத் தெரியும். "இலவசம்" என்ற சொல்லை வேண்டுமென்றே தவிர்த்தோம். அந்தச் சொல்லைக் கண்டவுடன் வாசிக்காமலே "எனக்கு வேணும்" என்று எழுதுபவர்கள் அதிகம்.

மூன்று கேள்விகளில் இரண்டாவதுதான் கனமானது. "நாயை நன்றாகப் பார்ப்பீர்களா?" என்று கேட்டால் எல்லோரும் ஆம் என்பார்கள், அந்தப் பதிலால் பயனில்லை. முன்பிருந்த நாய்க்கு என்ன நடந்தது என்று கேட்டால் ஒரு கதை வரும். காணாமல் போனது, வாகனத்தில் அடிபட்டது, "யாரோ நஞ்சு வைத்துவிட்டார்கள்", வயதாகிச் செத்தது என்று எந்தப் பதிலும் அந்த வளவின் வேலியையும் கேற்றையும் அயலையும் பற்றி ஏதாவது சொல்லும். நாய் அடிபட்டது என்பதற்காக ஒருவரை நாங்கள் தள்ளுவதில்லை. அதற்குப் பிறகு வேலியை அடைத்தாரா என்று கேட்போம்.

மூன்றாவது கேள்வி எங்கள் ஊருக்கே உரியது. குடும்பத்தில் ஒருவர் மத்திய கிழக்குக்குப் போவது இங்கே சாதாரணம். குட்டியை ஆசைப்பட்டு வாங்கியவர் கட்டார் போனபின், அதைக் கேட்காத தாயின் தலையில் அந்தப் பொறுப்பு விழுகிறது.

வந்த பதில்கள்

பதிவுக்கு விருப்பக்குறி குவிந்தது, கண்ணீர் முகங்களும் வந்தன. இன்பொக்சில் வந்தவற்றில் பாதிக்குமேல் "கடுவன் குட்டி இருக்கா?", "என்ன சாதி?" என்ற வகை. மூன்று கேள்விக்கும் பதில் எழுதியவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவுதான். வேலையைக் குறைத்தது அதுவே. கேள்விகளைக் கவனிக்காதவர் வலிப்பைப் பற்றிய வரியையும் கவனித்திருக்கமாட்டார்.

அவர்களில் மூவரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

முதலாமவர் படுவான்கரையில் வயல் செய்யும் பெரியவர். போனில் பேசினார். "யானை வாற இடம் மகள். வாடியில நாய் ஒண்டு குரைச்சாத்தான் எங்களுக்குத் தெரியும். நல்லாச் சாப்பாடு போடுவன்" என்றார். அவர் சொன்னது உண்மை, அவருடைய தேவையும் உண்மை. ஆனால் இரவில் வாடியில் தனியே நிற்கும் நாய்க்கு வலிப்பு வந்தால் யாரும் பார்க்கமாட்டார்கள். யானை வந்தால் காலை இழுத்துக்கொண்டு ஓடித் தப்பவும் அவளால் முடியாது. அதை விளக்கியபோது ஒத்துக்கொண்டார். வேறொருவர் வீட்டிலிருந்த, ஊசி போட்ட, திடமான இரண்டு குட்டிகளின் தொடர்பை அவருக்குக் கொடுத்தோம். பொருந்தாத வீட்டுக்காரர் என்பதால் ஒருவர் கெட்டவர் ஆகிவிடுவதில்லை. பதிலை அப்படிச் சொல்வதும் தேர்வின் ஒரு பகுதி.

இரண்டாமவர் நகரத்துக்கு அருகில் உள்ள ஒரு குடும்பத் தலைவர். எழுத்தில் எல்லாம் சரியாக இருந்தது. "எங்கட நாய் வளவெல்லாம் ஓடித் திரிஞ்சது, வயசு போய்ச் செத்தது" என்றார். வீடு பார்க்கப் போனோம். வளவு பெரியது, மதில் உயரம், பிள்ளைகள் மரியாதையானவர்கள். பின்பக்கம் ஒரு மாமரம் நின்றது. அதன் அடிமரத்தில் முழங்கால் உயரத்தில், பட்டை தேய்ந்து வழுவழுப்பான ஒரு வளையம் சுற்றிவர இருந்தது. கீழே மண் வட்டமாக இறுகிப்போய்ப் புல் முளைக்காமல் கிடந்தது. வருடக்கணக்கில் சங்கிலி உரசினால்தான் மரத்தில் அப்படி விழும். நாங்கள் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "பகலில் நாயை எங்கே விடுவீர்கள்?" என்று மட்டும் கேட்டோம். "ஆக்கள் வந்தா மட்டும் கட்டுவம்" என்றார். அன்று மாலை வேறொரு வீட்டுக்குக் கொடுப்பதாக நன்றியுடன் தெரிவித்தோம். துடிக்கும் கால் உள்ள நாயைச் சங்கிலியில் கட்டினால் சங்கிலி காலில் சுற்றும். வலிப்பு வந்தால் கழுத்து நெரியும்.

பொருத்தமான வீடும், வந்த சிக்கலும்

மூன்றாமவர் களுவாஞ்சிக்குடிப் பக்கம் வீட்டிலிருந்தே தையல் செய்யும் ஒரு அக்கா. உயர்தரம் படிக்கும் மகனும் அவருடைய தாயும் கூட இருக்கிறார்கள். பகல் முழுக்க ஆள் நிற்கும் வீடு, வேறு நாய் இல்லை, படிக்கட்டு இல்லை. இரண்டாவது கேள்விக்கு அவர் எழுதிய பதில் இது: "போன மாசம் ஒரு குட்டி இருந்தது தம்பி. இரத்தமா வயித்தால போய் மூண்டு நாளில செத்துட்டுது. நான் சரியாப் பாக்கேல்லையோ எண்டு இன்னும் மனசு கேக்குது இல்ல."

இந்த உண்மையை அவர் மறைத்திருக்கலாம். பதிவில் நாங்கள் வருத்தத்தை ஒளிக்காமல் சொன்னதால்தான் தானும் சொன்னதாகப் பிறகு சொன்னார். ஆனால் அந்தப் பதில்தான் எங்களை நிறுத்தியது. இளம் குட்டி, நாற்றமுள்ள இரத்த வயிற்றோட்டம், மூன்று நாளில் மரணம் என்றால் பார்வோவைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

டிஸ்டெம்பரும் பார்வோவும் சூழலில் நடந்துகொள்ளும் விதம் நேரெதிர். டிஸ்டெம்பர் வைரஸ் எங்கள் வெயிலில் வெளியே நீண்ட நேரம் தாங்காது. பார்வோ அப்படியல்ல. மலத்துடன் மண்ணில் விழுந்தால் மாதக்கணக்கில் உயிர்ப்புடன் இருக்கும், நிழலும் ஈரமும் இருந்தால் ஒரு வருடம்கூட. டெட்டோல் போன்றவை அதைக் கொல்வதில்லை. குளோரின் உள்ள வெளுப்புத் திரவத்தை நீரில் கலந்து சீமெந்துத் தரையில் ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிட்டால் கொல்லலாம். ஆனால் மணலில் ஊற்றினால் மண்ணும் சருகும் குளோரினைத் தின்றுவிடும். அவருடைய வளவு தென்னைகளின் நிழலில் இருந்த மணல் வளவு.

எங்கள் குட்டி டிஸ்டெம்பரில் தப்பியவள் என்பதால் பார்வோவுக்கு எதிர்ப்புச் சக்தி உள்ளவள் ஆகிவிடமாட்டாள். அப்போதுதான் அவளுக்கு முதல் ஊசி போட்டிருந்தது. நோய் முற்றாக ஆறும்வரை வைத்தியர் அதைத் தள்ளிப்போட்டிருந்தார். ஒரு ஊசியை வைத்து இளங்குட்டியைப் பாதுகாப்பானது என்று சொல்ல முடியாது. தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்புச் சக்தி மீதமிருந்தால், அது ஊசி மருந்தையே செயலிழக்கச் செய்துவிடும். அது எந்த வாரம் தீரும் என்று வெளியில் பார்த்துச் சொல்ல வழியில்லை. அதனால்தான் மூன்று, நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரமாகும் வரை ஊசியைத் திரும்பப் போடுகிறார்கள்.

ஆகவே மூன்று வழிகள் இருந்தன. உடனே கொடுப்பது, அக்காவைக் கைவிட்டு வேறு ஆள் தேடுவது, அவருக்கென்று ஒதுக்கிவைத்து ஊசிகள் முடியும்வரை எங்களிடமே வைத்திருப்பது. மூன்றாவதைத் தேர்ந்தோம். அதன் விலையும் சிறியதல்ல, அந்த வாரங்களில் வந்த வேறு குட்டிகளுக்கு இடமில்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. ஆனால் இந்த வருத்தத்தோடு ஒரு பெட்டையை, பகல் முழுக்க ஆள் நிற்கும் வீட்டில் இவ்வளவு தெளிந்த மனதுடன் கேட்கும் இன்னொருவர் கிடைப்பார் என்று நாங்கள் நம்பவில்லை.

காத்திருந்த காலத்தில் அவர் விறாந்தையையும் சமையலறைப் பின்பக்கத்தையும் சொன்னபடி கழுவினார். பழைய குட்டியின் சாக்கையும் பிளாஸ்டிக் கோப்பையையும் எரித்துவிட்டார். மகன் பஸ் எடுத்து வந்து, துடிப்பைப் பார்த்துப் பழகினான். மாத்திரையைச் சோற்று உருண்டைக்குள் வைத்து எப்படிக் கொடுப்பது என்று பார்த்துக்கொண்டான். வலிப்பு வந்தால் செய்ய வேண்டியதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தோம்: வாயில் கையோ கரண்டியோ வைக்க வேண்டாம். அருகிலுள்ள பொருட்களை நகர்த்துங்கள். நேரம் பாருங்கள், முடிந்தால் வீடியோ எடுங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் காத்திராமல் வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.

பதினாறு வாரம் கடந்து இறுதி ஊசியும் போட்டு, அது வேலை செய்யச் சுமார் இரண்டு வாரமும் விட்டு, விசர்நாய்த் தடுப்பூசி அட்டையுடன் குட்டியைக் கொடுத்தோம். அடையாள அட்டை இலக்கமோ கையெழுத்து ஒப்பந்தமோ வாங்கவில்லை. அதைவிட வட்ஸ்அப்பில் மாதம் ஒரு படம் என்ற பேச்சு எங்களுக்குப் பயன்பட்டிருக்கிறது.

பின்னர் நடந்தது

பார்வோ வரவில்லை. பெரிய பற்கள் எதிர்பார்த்தபடியே குழி விழுந்து முளைத்தன.

ஏழாம் மாதமளவில் முதல் வலிப்பு வந்தது. டிஸ்டெம்பருக்குப் பின் வரும் வலிப்புகளில் ஒரு வகை, பபிள்கம் மெல்லுவதுபோலத் தாடை அடித்துக்கொண்டு வாயில் நுரை தள்ளுவது. இவளுக்கு வந்ததும் அதுவே. வேலிக்கு அப்பால் நின்று பார்த்த அயலவர் "விசர் புடிச்சிட்டு, அடிச்சுப் போடுங்கோ" என்று தடியுடன் வந்துவிட்டார். மகன் போனில் நேரம் பார்த்துக்கொண்டிருக்க, அக்கா எங்கள் பழைய பதிவைத் திறந்து "வலிப்பு வரலாம்" என்ற வரியைக் காட்டினார். ஊசி அட்டையையும் எடுத்துவந்தார். வலிப்பு ஒரு நிமிடத்தில் ஓய்ந்தது. அயலவர் போய்விட்டார்.

வீடியோவைப் பார்த்த வைத்தியர், இரண்டாவது வலிப்பும் சில வாரத்தில் வந்தபின், பினோபார்பிட்டோன் மாத்திரை தொடங்கினார். பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, நாளுக்கு இரண்டு முறை. திடீரென்று நிறுத்தினால் வலிப்பு முன்னிலும் கடுமையாகத் திரும்பும் என்பதால், மாத்திரை முடிவதற்கு ஒரு வாரம் முன்பே வாங்கிவைப்பது அந்த வீட்டின் பழக்கமாகிவிட்டது. இது மருந்துச்சீட்டு இல்லாமல் கிடைக்காத மருந்து, எல்லாப் பாமசியிலும் இருப்பதுமில்லை. மட்டக்களப்பிலிருந்து வாங்கிப் பஸ்ஸில் அனுப்பிய நாட்களும் உண்டு. கருத்தடைச் சத்திரசிகிச்சை, வலிப்பு கட்டுக்குள் வந்தபின், மயக்க மருந்து கொடுப்பவருக்கு எல்லாவற்றையும் முன்கூட்டிச் சொல்லிச் செய்யப்பட்டது. கால் இன்னும் துடிக்கிறது, முன்பைவிட மெதுவாக.

அடுத்த முறை மாற்றுவது

பதிவு பகிரப்பட்டபோது பலர் வீடியோவிலிருந்து ஒரு படத்தை மட்டும் வெட்டியெடுத்து, "குட்டிக்கு வீடு தேவை" என்று தங்கள் பக்கத்தில் போட்டார்கள். வருத்தம் பற்றிய வரிகள் அதில் இல்லை. அவள் வீடு போய்ச் சேர்ந்த பிறகும் அந்தப் படத்தைப் பார்த்துக் கேட்டவர்கள் இருந்தார்கள். இனி முக்கியமான இரண்டு வரியைப் படத்தின் மேலேயே எழுதுகிறோம்: என்ன வருத்தம், எந்த வீட்டுக்குத் தரமாட்டோம். வீடு கிடைத்தவுடன் பதிவின் முதல் வரியை "வீடு கிடைத்துவிட்டது" என்று மாற்றுகிறோம். பதிவை அழிப்பதில்லை. அந்த அக்காவுக்கு அயலவர் முன்னால் பயன்பட்டது அந்தப் பழைய பதிவுதான்.

இரண்டாவது கேள்வியும் கொஞ்சம் நீண்டிருக்கிறது. "இதற்கு முன் வளர்த்த நாய்க்கு என்ன நடந்தது?" என்பதுடன் "கடந்த ஒரு வருடத்தில் உங்கள் வளவிலோ பக்கத்து வளவிலோ குட்டிகள் இரத்த வயிற்றோட்டத்தில் இறந்தனவா?" என்றும் கேட்கிறோம். ஆம் என்று பதில் வந்தால் ஆளை விலக்குவதில்லை, கொடுக்கும் திகதியைத்தான் தள்ளுகிறோம். அந்த வீட்டுக்கு ஊசிகள் முடிந்த, நான்கு மாதம் தாண்டிய குட்டி. இளங்குட்டி, கடைசி ஒரு வருடத்தில் அந்த நோய் வராத வளவுக்கு.